கை பொய் சொல்லும், கேமரா பொய் சொல்லாது என்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

பத்து நாட்களாக ஒரு இரட்டைப் படம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. இடப்பக்கம் செவ்வாய்க் கிரகத்தைக் கையால் வரைந்த பழைய படம். உருண்டை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நேர்கோடுகள். வலப்பக்கம் விண்கலம் எடுத்த போட்டோ. மலை, பள்ளம், புழுதி எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கோடுகளைக் காணோம். கீழே ஒரு வரி: "கை பொய் சொல்லும், கேமரா பொய் சொல்லாது." என்னிடம் இயற்பியல் படித்த நாலைந்து பேரே இதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதுதான் எழுத உட்கார வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே இரட்டைப் படம் இன்னொரு வாசகத்தோடும் சுற்றுகிறது. "நூறு வருஷத்துக்கு முன் கண்ணால் பார்த்து வரைந்த கால்வாய்களை இன்று கணினியில் அழித்துவிட்டு நமக்குக் காட்டுகிறார்கள்." முதல் கோஷ்டி இரண்டாவது கோஷ்டியைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவர் போட்டோவை நம்புகிறார், மற்றவர் படத்தை நம்புகிறார். இரண்டையும் எதை வைத்து அளப்பது என்று இருவருமே கேட்கவில்லை.

துணிக்கடையில் ஒரு துணியை முழத்திலும் இன்னொன்றை மீட்டரிலும் அளந்து, எண் பெரிதாக இருப்பதுதான் நீளம் என்று யாராவது சொன்னால் விடுவோமா? இங்கே அதைத்தான் செய்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1877-ல் செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்தது. இத்தாலியில் மிலான் நகரத்து ப்ரேரா வானாய்வகத்தில் ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி ஏறத்தாழ 22 செ.மீ. லென்ஸ் கொண்ட தொலைநோக்கியில் அதைப் பார்த்து வரைந்தார். மெல்லிய கோடுகளாகச் சில தெரிந்தன. அவற்றை 'கனாலி' என்றார். இத்தாலிய மொழியில் அது இயற்கையான வாய்க்காலுக்கும் பொருந்தும் சொல். ஆங்கிலத்துக்குப் போனபோது மனிதர் வெட்டிய கால்வாய் என்ற பொருள் ஏறிக்கொண்டது. பிறகு பெர்சிவல் லோவெல் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1894-ல் அரிசோனாவில் சொந்தமாக ஒரு வானாய்வகமே கட்டி, செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் துருவப் பனிநீரைப் பாசனத்துக்குக் கொண்டுபோகின்றன என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

இனி அளவுகோல். எந்தப் படமானாலும், கையால் வரைந்ததோ கேமரா எடுத்ததோ, அதனிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இதில் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய பொருள் செவ்வாயின் தரையில் எத்தனை கிலோமீட்டர்? பென்சிலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும், பிலிமுக்கும் பொருந்தும். விடை இரண்டுக்கும் ஒரே அலகில் வரும். பொது அளவுகோல் என்று நான் சொல்வது இதைத்தான்.

கணக்கு கடினமில்லை. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட். 1877-ல் செவ்வாயின் வட்டம் வானில் சுமார் 25 ஆர்க் செகண்ட் அகலம். அதன் உண்மையான விட்டம் 6,780 கி.மீ. ஆக, ஒரு ஆர்க் செகண்டுக்கு 271 கி.மீ. தொலைநோக்கி எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு டாஸ் என்பவர் சொன்ன விதி ஒன்று உண்டு: 116-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். மிலான் கருவியின் லென்ஸ் 218 மி.மீ., ஆகவே 0.53 ஆர்க் செகண்ட். தரையில் 144 கி.மீ. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி ஒரு புள்ளி, மதுரை ஒரு புள்ளி. அதைவிட நெருக்கமான இரண்டு ஊர்கள் அவருக்கு ஒரே கறையாகத்தான் தெரிந்திருக்கும். அதுவும் காற்று அசையாத இரவில்.

வலப்பக்கத்துப் போட்டோ? உங்கள் போனில் அது ஆயிரம் புள்ளி அகலத்தில் வந்தால், புள்ளிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. அதாவது ஒருவர் ஒரு அடி தூரத்திலும் மற்றவர் இருபது அடி தூரத்திலும் நின்று ஒரே கடிதத்தைப் படிக்கிறார்கள். இருபது அடியில் நிற்பவர் தப்பாகப் படித்தால் "பொய்யன்" என்கிறோம். அடியில் நிற்பவர் சரியாகப் படித்தால் "பொய்யே சொல்லாதவர்" என்கிறோம். நன்றாக இருக்கிறது நியாயம்.

அந்த "ஒரு போட்டோ"வும் பெரும்பாலும் ஒரு போட்டோ அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவே பெரிய பள்ளத்தாக்கு கிழித்துக்கொண்டு போகும் பிரபலமான செவ்வாய்ப் படம் வைக்கிங் விண்கலம் எடுத்த 102 துண்டுகளை ஒட்டிச் செய்தது. இது குறை அல்ல, தகவல்.

நியாயமாக ஒப்பிட என்ன செய்ய வேண்டும்? நானே உட்கார்ந்து செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் திசை. அந்தக் காலத்துச் செவ்வாய்ப் படங்களில் தெற்கு மேலே இருக்கும். தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும், பார்த்ததை அப்படியே வரைந்தார்கள். விண்கலப் படங்களில் வடக்கு மேலே. நான் சொன்ன இரட்டைப் படத்தில் யாரும் எதையும் திருப்பவில்லை. பனித்தொப்பி ஒன்றில் மேலே, மற்றதில் கீழே என்று "முரண்பாடு" கண்டுபிடித்து ஒருவர் அம்புக்குறி வேறு போட்டிருந்தார். அவர் கண்டுபிடித்தது தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும் என்பதை.

இரண்டாவது, முகம். செவ்வாய் 24 மணி 37 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. படத்தில் இருப்பது எந்தப் பக்கம், போட்டோவில் இருப்பது எந்தப் பக்கம்? சுற்றிவந்த படத்தில் இரண்டும் வேறு வேறு பக்கங்கள். ஒருவரின் முகத்தையும் இன்னொருவரின் முதுகையும் வைத்து மூக்கைக் காணோம் என்பது மாதிரி. வரைந்த படத்தில் முக்கோணமாகக் கறுப்பாக ஒரு பகுதி தெரிந்தால் அது அநேகமாக சிர்ட்டிஸ் மேஜர். அதை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, போட்டோவிலும் அதே பக்கத்தைத் தேட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். நல்ல படத்தைக் கெடுக்க வேண்டும். ஆமாம், கெடுக்க வேண்டும். தெளிவற்றதைத் தெளிவாக்க முடியாது, தெளிவானதை மங்கலாக்க முடியும். ஆகவே இரண்டும் சந்திக்கக்கூடிய இடம் மங்கலான பக்கம்தான். போனில் உள்ள ஏதாவது படம் திருத்தும் செயலியில் அந்தப் போட்டோவைச் செவ்வாய் வட்டம் 100 புள்ளி அகலம் வருகிற மாதிரி சுருக்குங்கள். 6,780-ஐ 144-ஆல் வகுத்தால் 47 வருகிறது. ஒவ்வொரு நுணுக்கத்தையும் காட்ட இரண்டு புள்ளியாவது வேண்டும் என்பதால் 94, சௌகரியத்துக்கு 100. சுருக்கிச் சேமித்துவிட்டு மறுபடி பெரிதாக்கி, 5 செ.மீ. வட்டமாக வைத்துப் பாருங்கள். 5 செ.மீ. வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் 136 கி.மீ. தமிழ்நாடு முழுவதையும் தூக்கி அங்கே வைத்தால் வடக்கு தெற்காக ஐந்து மில்லிமீட்டர்தான் வரும்.

இப்போது என்ன மிச்சம்? மலையும் பள்ளமும் போய்விட்டன. கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகள். அந்த நாலாயிரம் கி.மீ. பள்ளத்தாக்கு ஒரு மங்கலான கீற்று. பெரிய எரிமலைகள் மூன்று புள்ளி. இதை வரைந்த படத்தின் பக்கத்தில் வைத்தால் முதல் ஆச்சரியம், பெரிய கறுப்புப் பகுதிகள் பொருந்துகின்றன. ஸ்கியாபரெல்லியின் வரைபடத்தில் அவை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அந்த மனிதர் கண்ணால் கோண அளவெடுத்துப் போட்டது. "கை பொய் சொல்லும்" என்பவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் கூர்மையான போட்டோவின் பக்கத்தில் வைத்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் படாது.

இரண்டாவது ஆச்சரியம் கோடுகள். அகாதோடீமன் என்று அவர்கள் பெயரிட்ட ஒரு கோடு அந்தப் பெரிய பள்ளத்தாக்கோடு ஒத்துப்போகிறது. மற்ற பெரும்பாலானவை எதனோடும் ஒத்துப்போகவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம். மரைனர் 9 விண்கலத்தின் படங்களை வைத்து கார்ல் சேகனும் பால் ஃபாக்ஸும் 1975-ல் இதே வேலையைக் கால்வாய் கால்வாயாகச் செய்து வெளியிட்டார்கள். முடிவு இதுதான்: மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தரையில் ஈடாக எதுவும் இல்லை.

"அப்போ நாங்கள் சொன்னதுதானே சார் சரி, கை பொய் சொன்னது!" என்று குதிக்காதீர்கள். கேமராவும் அந்தக் காலத்தில் களத்தில் இருந்தது. 1905-ல் லோவெலின் உதவியாளர் லாம்ப்லண்ட் 61 செ.மீ. தொலைநோக்கியில் செவ்வாயைப் படம் பிடித்தார். பிளேட்டில் செவ்வாய் சில மில்லிமீட்டர்தான். "கால்வாய்கள் போட்டோவிலேயே விழுந்துவிட்டன" என்று லோவெல் அறிவித்தார். பார்த்தவர்களில் சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். அச்சில் போட்டபோது இருந்த நுணுக்கமும் போய்விட்டது.

அந்தப் பிளேட்டிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த வருஷம் செவ்வாய் சற்றுத் தூரம், 17 ஆர்க் செகண்ட்தான். ஒரு ஆர்க் செகண்டுக்கு சுமார் 400 கி.மீ. பிளேட்டில் படம் விழ சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் காற்று படத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். நல்ல இரவிலும் ஒரு ஆர்க் செகண்ட் அளவுக்கு மங்கல் வருவது சாதாரணம். ஆக அந்தப் போட்டோவின் எண் சுமார் 400. கண் அப்படியல்ல. காற்று ஒரு கணம் அடங்கும்போது பளிச்சென்று தெரிவதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். 1909 செப்டம்பர் 20 அன்று பாரிஸ் அருகே மூடோன் வானாய்வகத்தில், 83 செ.மீ. தொலைநோக்கியில், காற்று அசையாத ஒரு இரவில் அன்டோனியாடி செவ்வாயைப் பார்த்தார். அந்தக் கருவியின் எண்ணைப் போட்டால் 40 கி.மீ. வருகிறது. அவர் வரைந்த படங்களில் கோடுகள் இல்லை. கோடு இருந்ததாகச் சொன்ன இடங்களில் திட்டுகளும் ஒழுங்கற்ற புள்ளிகளும் இருந்தன.

கவனியுங்கள்: கால்வாயைக் கிளப்பியது கை. அதை உறுதி செய்ததாகச் சொல்லப்பட்டது கேமரா. அதை முதலில் உடைத்ததும் கைதான். 400 கி.மீ. போட்டோவை 40 கி.மீ. பென்சில் தோற்கடித்தது.

எண்ணைப் போடும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. லோவெலின் கருவி 61 செ.மீ., ஆகவே 0.19 ஆர்க் செகண்ட் என்று எழுதிவிடாதீர்கள். காற்று ஆட்டத்தைக் குறைக்க அவர் பல இரவுகளில் லென்ஸின் ஓரத்தை மறைத்து, நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினார். பாதியாக மறைத்தால் எண் இரட்டிப்பாகும். கருவியின் பெயர்ப்பலகையில் உள்ள அளவு வேறு, அந்தப் படம் வரைந்த இரவில் திறந்திருந்த அளவு வேறு.

இனி லோவெலுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். அவரை முட்டாள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் இந்த அளவுகோலையே எதிர்த்து ஒரு நல்ல வாதம் வைத்தார். வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஏறத்தாழ 60 ஆர்க் செகண்ட். ஆனால் வானத்தின் பின்னணியில் ஒரு தந்திக் கம்பி எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது! அவர் சோதித்தே பார்த்தார். 1.84 மி.மீ. கம்பி ஒன்று 1,800 அடி தூரத்தில் தெரிந்தது. கணக்குப் போட்டால் அதன் தடிமன் வெறும் 0.69 ஆர்க் செகண்ட். கண்ணின் எல்லையைவிடக் கிட்டத்தட்ட 87 மடங்கு மெலிது! அப்படியானால் 144 கி.மீ. என்ற எல்லைக்குள் சில கிலோமீட்டர் அகலக் கால்வாய் ஏன் தெரியக்கூடாது?

சரியான கேள்வி. கம்பி தெரியும்தான். நீளமான, சுற்றுப்புறத்தைவிடக் கறுத்த பொருள் எல்லையைவிட மெலிதாக இருந்தாலும் தன் இருப்பைக் காட்டிவிடும். ஆனால் அது கம்பியா, நூலில் கோத்த மணிகளா என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியுமா? 1,800 அடியில் 60 ஆர்க் செகண்ட் என்பது 16 செ.மீ. ஐந்து செ.மீ.க்கு ஒரு மணி வைத்துத் தொங்கவிட்டாலும் அது ஒரு கம்பியாகத்தான் தெரியும். ஏதோ இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு எல்லை, அது என்ன வடிவம் என்பதைச் சொல்ல வேறு எல்லை. லோவெல் முதல் எல்லையை வைத்து இரண்டாவது எல்லைக்கு உரிய முடிவை எடுத்தார். "அங்கே கறுப்பாக ஏதோ இருக்கிறது" என்று நிறுத்தியிருந்தால் அவர் பல இடங்களில் தப்பே செய்திருக்க மாட்டார். "நேராக, அறுபடாமல், ஒரே அகலத்தில் ஓடுகிறது" என்றார். அதைச் சொல்ல அவருடைய தொலைநோக்கிக்கு உரிமை இல்லை.

இதைப் பள்ளிக்கூடத்தில் சோதித்தவர்கள் உண்டு என்பது ஆசிரியனான எனக்குப் பிடித்த பகுதி. 1903-ல் கிரீனிச் வானாய்வகத்தின் மாண்டரும், அங்குள்ள ராயல் ஹாஸ்பிட்டல் பள்ளியின் எவன்ஸும் ஒரு வட்டத்தில் புள்ளிகளும் ஒழுங்கற்ற கீறல்களும் போட்டு வகுப்பில் வைத்து, பையன்களை வெவ்வேறு தூரத்தில் உட்கார வைத்துத் தெரிவதை வரையச் சொன்னார்கள். அருகில் இருந்தவர்கள் புள்ளியைப் புள்ளியாக வரைந்தார்கள். வெகுதூரத்தில் இருந்தவர்களுக்குச் சிறியவை தெரியவே இல்லை. நடுத்தூரத்தில் இருந்தவர்கள் கோடு போட்டார்கள்! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் புள்ளிகளை மூளை இழுத்துக் கட்டிவிடுகிறது. லோவெல் இதைச் "சின்னப் பையன் கோட்பாடு" என்று கேலி செய்தார். நான் பத்தாம் வகுப்பில் இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறேன். நடு பெஞ்சுகளில் கோடு வராத வருஷம் இல்லை. ஒரு பையனும் பொய் சொல்லவில்லை.

ஆகவே "கேமரா பொய் சொல்லாது" கோஷ்டிக்கு என் கேள்வி: நடு பெஞ்சு மாணவனுக்கு நீங்கள் பொய்யன் என்று பட்டம் கொடுப்பீர்களா? "அழித்துவிட்டார்கள்" கோஷ்டிக்கு இன்னொன்று: அழித்ததாகச் சொல்லும் கோடுகள், அந்தப் போட்டோக்கள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, ஒரு மனிதனின் பென்சிலில் உடைந்துபோனது எப்படி? மூடோனில் எந்தக் கணினி இருந்தது?

ஒப்பிடவே கூடாத ஜோடிகளும் உண்டு. செவ்வாயில் புழுதிப் புயல் கிளம்பினால் கிரகம் முழுவதும் மூடிக்கொள்ளும். 1971-ல் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது தரையே தெரியாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்புத் திட்டுகளின் ஓரங்கள் புழுதி நகர நகர மாறும். 1877-ல் இருந்த ஒரு மெல்லிய நிழல் 1976-ல் இல்லை என்றால், வரைந்தவர் தப்பா, தரை மாறிவிட்டதா என்பதை இந்த அளவுகோல் சொல்லாது. அதற்கு அதே காலத்தில் வேறொருவர் வரைந்த படம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் தெரியாது என்று எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

கடைசியாக, படம் வேறு போட்டோ வேறு என்று இன்னும் பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1965 ஜூலையில் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போகும்போது 22 படங்கள் எடுத்தது, கடைசிப் படம் அரைகுறை. ஒவ்வொன்றும் 200-க்கு 200 புள்ளி. பிரித்துக் காட்டியது ஏறத்தாழ 3 கி.மீ. படம் வானொலி வழியாக வெறும் எண்களாகத்தான் வந்தது, மிக மெதுவாக வந்தது. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பொறியாளர்கள், பாசடேனா ஆய்வகத்தில், வந்த எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சடித்து வரிசையாகச் சுவரில் பொருத்தினார்கள். இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு, கடையில் வாங்கி வந்த கலர் சாக்பீஸ் மாதிரியான கட்டிகளால் எண்களின் மேலேயே கையால் நிறம் தீட்டினார்கள். விண்கலம் அருகிலிருந்து எடுத்த முதல் செவ்வாய்ப் படம் மனிதக் கண்ணுக்குத் தெரிந்தது இப்படித்தான். பிறகு அதைச் சட்டமிட்டு ஆய்வக இயக்குநருக்குக் கொடுத்தார்கள்.

அதை இடப்பக்கம் போடுவீர்களா, வலப்பக்கமா? பதில் எழுதுகிறவர்கள் பக்கத்தில் கிலோமீட்டரையும் எழுதுங்கள். எழுதாத பதிலுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.